பருப்பு விலை ஒன்று, சலூன் கூலி வேறு – ஏன்?

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் நம் கடைகளில் வந்து நின்று விலை விசாரிப்பதைக் கவனித்திருப்பீர்கள். மிளகாய் வற்றல், சமையல் எண்ணெய், பற்பசை, பேட்டரி ஆகியவற்றின் விலையை வெள்ளியாக மாற்றிப் பார்த்துவிட்டு, "அங்கேயும் ஏறக்குறைய இதுதானே" என்பார்கள். கப்பல் கூலியும் அந்த ஊர்க் கடை வாடகையும் சேர்ந்து அங்கே ஓரளவு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதே உறவினர் பக்கத்துச் சலூனில் முடி வெட்டிக்கொண்டு, தையற்காரரிடம் இரண்டு சட்டைக்குக் கூலி கொடுத்து, பழுதான மிக்சியைச் சரிசெய்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "இவ்வளவு மலிவா!" என்று வியப்பார்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், "நம் ரூபாய்க்கு மதிப்பில்லை" என்பது. இந்தப் பதில் போதாது. ரூபாயின் மதிப்புக் குறைவு மட்டுமே காரணம் என்றால் மிளகாயும் எண்ணெயும் பேட்டரியும்கூட அதே அளவுக்கு மலிவாக இருக்க வேண்டும். அவை அப்படி இல்லை. ஆகவே ரூபாயைத் தாண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அது நம் கடைச் சிப்பந்தியின் சம்பளத்தோடும் நம் லாபத்தோடும் நேரடியாகத் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கப்பலேறும் சரக்கும் கப்பலேறாத சரக்கும்

குண்டூர் மிளகாய்க்குச் சென்னையில் ஒரு விலையும் சிங்கப்பூரில் அதைவிட மிக அதிக விலையும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மொத்த வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்றுமதியாளர் மூட்டையை வாங்கி ஏற்றுவார். இங்கே விலை ஏறும், அங்கே இறங்கும். ஏற்றுக்கூலி, காப்பீடு, வரி போக மீதம் ஒன்றும் இல்லை என்ற நிலை வரும்வரை இது நடக்கும். பாமாயில் கதையும் இதேதான். மலேசியச் சந்தையில் விலை ஏறினால் நம் ஊர் மொத்தக் கடையில் மறுநாளே டின் விலை ஏறுகிறது. ஆக, கப்பலேறக்கூடிய சரக்கு எதுவானாலும் அதன் விலையை நாணய மாற்று விகிதம் எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

முடிவெட்டுதலை மூட்டை கட்டி ஏற்ற முடியாது. சிங்கப்பூர்க்காரர் முடி வெட்டிக்கொள்ளச் சென்னைக்கு விமானம் ஏறினால் டிக்கெட் செலவே பல ஆண்டுச் சலூன் கூலியை விழுங்கிவிடும். ஆகவே இரண்டு ஊர்களிலும் கூலி வேறு வேறாக இருக்கலாம். அதைச் சமப்படுத்த எந்த வியாபாரியும் வரமாட்டார்.

'இருக்கலாம்' என்பது சரி. ஏன் வேறாக 'இருக்கிறது', அதிலும் ஏன் எப்போதும் வருமானம் குறைந்த நாட்டில்தான் மலிவாக இருக்கிறது? இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நாமே வைத்துக்கொண்டவை. ஒரு வெள்ளி 60 ரூபாய் என்றும் கொள்வோம்.

சென்னைச் சலூன்காரர் ஒரு நாளில் 12 பேருக்கு முடி வெட்டுகிறார். தலைக்கு 100 ரூபாய் வீதம் 1,200 ரூபாய் வரவு. பிளேடு, கிரீம், பவுடர் வகையில் 60 ரூபாயும், வாடகை, மின்சாரத்துக்கு 240 ரூபாயும் போக 900 ரூபாய் அவர் கையில் நிற்கிறது. சிங்கப்பூர்ச் சலூன்காரரும் நாளைக்கு 12 தலைதான் பார்க்க முடியும். தலைக்கு 12 வெள்ளி வீதம் 144 வெள்ளி வரவு. பிளேடு, கிரீம் வகையில் ஒரு வெள்ளி, வாடகை முதலிய செலவுக்கு 53 வெள்ளி போக 90 வெள்ளி மிஞ்சுகிறது. ரூபாயாக்கினால் 5,400. இவர் கூலி 100 ரூபாய், அவர் கூலி 720 ரூபாய்.

இதில் பிளேடும் கிரீமும் இரண்டு ஊரிலும் அதே 60 ரூபாய்தான். அவை கப்பலேறும் சரக்கு. வித்தியாசம் முழுவதும் மனித உழைப்பிலும் வாடகையிலும்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பில் என்ன வித்தியாசம்? அதே கத்தரி, அதே சீப்பு, அதே அரை மணி நேரம். சிங்கப்பூர்க்காரர் நம்மவரைவிட ஒரு தலைகூட அதிகம் வெட்டவில்லை. பிறகு ஏன் அவருக்கு ஆறு மடங்கு?

விடை சலூனுக்குள் இல்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் இருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு தொழிலாளி, நவீன இயந்திரம், நல்ல துறைமுகம், தடையில்லா மின்சாரம், தேர்ந்த பயிற்சி ஆகியவற்றின் துணையோடு ஒரு நாளில் ஏற்றுமதிக்கான உதிரிபாகம் ஆறு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அதே உதிரிபாகத்தை ஒரு தொழிலாளி நாளைக்கு ஒன்றுதான் செய்ய முடிகிறது. உதிரிபாகம் கப்பலேறும் சரக்கு என்பதால் உலகச் சந்தையில் அதற்கு ஒரே விலை. மூலப்பொருள், இயந்திரத் தேய்மானம் எல்லாம் போக, ஒன்றுக்கு 900 ரூபாய், அதாவது 15 வெள்ளி, தொழிலாளிக்குக் கொடுக்க மிஞ்சும் என்றால் இங்கே நாள் சம்பளம் 900 ரூபாய், அங்கே 90 வெள்ளி. இதற்கு மேல் கொடுக்க நம் முதலாளிக்கு மனம் இருந்தாலும் முடியாது. கொடுத்தால் அவர் உதிரிபாகத்தின் விலை உலக விலையைத் தாண்டிவிடும், வாங்க ஆள் இராது.

இனிச் சலூனுக்குத் திரும்புவோம். சிங்கப்பூரில் சலூன் முதலாளி 15 வெள்ளி சம்பளத்துக்கு ஆள் தேடினால் யார் வருவார்? கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆள் தொழிற்சாலைக்குப் போய் 90 வெள்ளி வாங்குவார். ஆகவே முடி வெட்டுபவருக்கும் 90 வெள்ளி கொடுத்தே ஆக வேண்டும். அதைத் தலைக்குப் பங்கிட்டு வாடிக்கையாளரிடம் வாங்கியே ஆக வேண்டும். சென்னையிலோ அவருக்குத் தொழிற்சாலையில் கிடைக்கக்கூடியதே 900 ரூபாய்தான், ஆகவே சலூனிலும் அவ்வளவே. சலூன்காரரின் கூலியை நிர்ணயிப்பது அவர் கைத்திறன் மட்டும் அன்று. அவர் அந்த வேலையை விட்டுவிட்டால் வேறெங்கே எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதுதான். வாடகையும் இப்படித்தான். நிலம் கப்பலேறாது. அந்த வட்டாரத்தில் மற்றவர் எவ்வளவு சம்பாதிக்கிறார்களோ அதற்கேற்ப ஏறுகிறது.

"அப்படியானால் நம் சலூன்காரர் சிங்கப்பூருக்கே போய்விடலாமே" என்று கேட்கலாம். போகத்தான் பலர் விரும்புகிறார்கள். வேலை அனுமதி வேண்டும், அந்த அரசு அதை எண்ணித்தான் கொடுக்கிறது. சரக்குக்குத் திறந்திருக்கும் கதவு ஆளுக்குப் பாதிதான் திறந்திருக்கிறது. கட்டுமான வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வெளிநாட்டவரை அனுமதிப்பதால் அந்த இரண்டும் அங்கே மற்றச் சேவைகளின் அளவுக்கு ஏறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கதவு திறந்த அளவுக்குக் கூலி இறங்குகிறது.

ரூபாயின் மதிப்பைப் பற்றிய முதல் பதிலுக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது. சலூன் கூலி இரண்டு ஊரிலும் சமமாக வரும்படி ஒரு வெள்ளியைச் சுமார் 8 ரூபாய் என்று நிர்ணயித்துவிட்டால் என்ன ஆகும்? 15 வெள்ளி மிச்சம் தரும் உதிரிபாகம் 120 ரூபாய்தான் மிச்சம் தரும். தொழிலாளிக்கு 900 கொடுக்க முடியாது, ஏற்றுமதி நின்றுவிடும். வெளிநாட்டுச் சரக்கோ தண்ணீர் விலைக்கு வந்து குவியும். அந்நியச் செலாவணி தீர்ந்து, விகிதம் மறுபடி பழைய இடத்துக்கே வந்து சேரும். நாணய மாற்று விகிதத்துக்குக் கப்பலேறும் சரக்கின் கணக்குத்தான் தெரியும். சலூன் கணக்கு அதற்குத் தெரியாது.

இதைச் சொன்னவர்கள்

லண்டன் பங்குச் சந்தையில் பணம் சம்பாதித்துப் பின்னர் பொருளாதாரம் எழுதிய டேவிட் ரிக்கார்டோ, 1817ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இதைத் தொட்டிருக்கிறார். உற்பத்தித் தொழில் செழித்த நாடுகளில் உள்நாட்டுப் பண்டங்களின் விலையும், விலைக்கு மிஞ்சிய பருமன் உள்ள பண்டங்களின் விலையும் அதிகம் என்பது அவர் கருத்து. இந்தப் பிற்பகுதி மளிகைக்காரர் மனத்தில் கொள்ளத் தக்கது. செங்கல், மணல், கீரைக்கட்டு போன்றவற்றுக்கு ஏற்றுக்கூலியே சரக்கு விலையைத் தாண்டிவிடுவதால் அவையும் சலூன் கூலியைப் போலவே நடந்துகொள்கின்றன. 1964ஆம் ஆண்டில் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இருவர் தனித்தனியாக இதை முழு விளக்கமாக எழுதினர். இன்று பொருளாதார நூல்களில் இது அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. பம்பாயில் பிறந்த ஜக்தீஷ் பகவதி 1984இல் இன்னொரு கோணம் காட்டினார். ஏழை நாட்டில் இயந்திரமும் முதலும் குறைவு, ஆட்கள் அதிகம். அதனாலேயே கூலி குறைவு. சேவைகளில் பெரும்பங்கு ஆள் கூலி என்பதால் அவை மலிவு. திறன் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இது நடக்கும் என்றார். நம் அபிப்பிராயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல.

அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஐக்கிய நாடுகள் புள்ளியியல் அலுவலகமும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 1968இல் தொடங்கிய விலை ஒப்பீட்டுத் திட்டத்தின் முதல் பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பின்னர் உலக வங்கி அதை நடத்துகிறது. அதன் 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்குவதை இந்தியாவில் வாங்கச் சராசரியாக 20.65 ரூபாய் போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு சந்தையில் டாலருக்கு 65.12 ரூபாய். இது எல்லாப் பொருளும் சேவையும் சேர்ந்த சராசரி என்பதை மறக்கக் கூடாது. இயந்திரம், வாகனம் போன்றவை தனியே பார்த்தால் உலக விலையை ஒட்டியே இருக்கும். சராசரியைக் கீழே இழுப்பது பெரும்பாலும் ஆள் உழைப்பு நிறைந்த இனங்கள்தான்.

இது நிரந்தர நிலையா என்றால், இல்லை. ஜப்பானைப் பாருங்கள். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று நிலைத்திருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானிய மோட்டார், மின்சாதனத் தொழிற்சாலைகளின் திறன் மிக வேகமாக வளர்ந்தது. சலூனிலும் சிற்றுண்டிக் கடையிலும் அவ்வளவு மாறவில்லை. ஆனால் தொழிற்சாலைச் சம்பளம் ஏற, அங்கும் கூலி ஏறியது. யென்னும் வலுத்து 1995 ஏப்ரலில் 80க்கும் கீழே வந்தது. அப்போது உலகிலேயே விலை மிகுந்த ஊர் எது என்றால் டோக்கியோவைச் சொன்னார்கள். அதன் பிறகு அந்நாட்டில் சம்பளம் நெடுங்காலம் ஏறாமல் நின்றது, யென்னும் பிற்காலத்தில் தளர்ந்து 2024 ஜூலையில் டாலருக்கு 160ஐத் தாண்டியது. டோக்கியோவில் சாப்பாடு மலிவு என்று வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் சொல்லும் காலமும் வந்தது.

இந்த விளக்கத்துக்கு எல்லையும் உண்டு. வருமானத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு உள்ள நாடுகளுக்கிடையேதான் இது தெளிவாகத் தெரியும். ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ள இரண்டு நாடுகளை ஒப்பிட்டால் வரி, அரசு மானியம், வாடகைக் கட்டுப்பாடு ஆகியவை கணக்கைக் கலைத்துவிடும். பேருந்துக் கட்டணம் போல அரசு நிர்ணயிக்கும் விலையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அடுத்தது, சலூன் தொழிலாளி நினைத்த மாத்திரத்தில் தொழிற்சாலைக்குப் போய்விட முடியாது. சென்னையில் கணினி நிறுவனச் சம்பளம் எவ்வளவு ஏறினாலும் அந்த வேலை இவருக்குக் கிடைக்காது என்பதால் அதன் தாக்கம் இவருக்கு அரைகுறையாகவே வந்து சேருகிறது. வடமாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருப்பதும் கூலி ஏற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. சேவை என்ற பெயர் இருந்தாலே மலிவு என்றும் எண்ண வேண்டாம். விமானப் பயணத்தில் விமானமும் எரிபொருளும், ஸ்கேன் எடுப்பதில் இயந்திரமும் உலக விலைக்கு வாங்கியவை. எதிலும் ஆள் கூலியும் வாடகையும் எத்தனை பங்கு, கப்பலேறி வந்தது எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

நம் கடையில் இதன் கணக்கு

மளிகைக் கடையை இப்படிப் பிரித்துப் பார்ப்போம். அலமாரியில் இருப்பது கப்பலேறும் சரக்கு. எடை போட்டு, பொட்டலம் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கப்பலேறாத சேவை. நாம் ஒரே கல்லாவில் இரண்டையும் விற்கிறோம். சலூன்காரருக்கு இல்லாத சங்கடம் நமக்கு இங்கேதான் வருகிறது.

நாளைக்கு 25,000 ரூபாய் விற்பனை, 8 சதவீத லாபம் என்றால் 2,000 ரூபாய். வாடகை, மின்சாரத்துக்கு 500 ரூபாய். இரண்டு சிப்பந்திகளுக்கு ஆளுக்கு 500 வீதம் 1,000 ரூபாய். உரிமையாளர் கையில் 500. பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டை வந்து, சிப்பந்திச் சம்பளம் 700 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து உறுப்பினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளச் செலவு 1,400 ஆகி, கையில் மிஞ்சுவது 100 ரூபாய். கடையில் எதுவும் மாறவில்லை. சரக்கும் அதே, ஆட்களும் அதே, வேலையும் அதே.

அதே ஊர்ச் சலூனில் நாள் கூலி 200 ரூபாய் ஏறினால் 12 தலைக்குப் பங்கிட்டுத் தலைக்குச் சுமார் 17 ரூபாய். அவர் 100ஐ 120 ஆக்குவார். வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார். வேறு சலூனிலும் அதே கூலிதான் ஏறியிருக்கும். நாம் அப்படி ஏற்ற முடியாது. பாக்கெட் சரக்கில் எம்.ஆர்.பி. அச்சாகி வருகிறது. ஓசூருக்கும் ஒதுக்குப்புறக் கிராமத்துக்கும் அதே எம்.ஆர்.பி. ஆனால் கூலி வேறு. சில்லறையில் எடை போடும் பருப்பு, புளி, மிளகாயில் கொஞ்சம் இடம் உண்டு, அதற்கும் எல்லை உண்டு. எனவே பழைய 500 ரூபாய் கையில் நிற்க வேண்டுமானால், அதே இரண்டு ஆட்களைக் கொண்டு 5,000 ரூபாய் கூடுதலாக, அதாவது 30,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். இரவில் சும்மா இருக்கும் நேரத்தில் அரைக் கிலோ, ஒரு கிலோவாக முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைப்பதும், ரசீது இயந்திரமும், அதிகம் போகும் சரக்கைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதும் அந்தக் கணக்குக்காகத்தான். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916இல் வாடிக்கையாளரே சரக்கை எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடையைத் திறந்தார். எடுத்துக் கொடுக்கும் ஆட்களின் செலவைக் குறைப்பதே அதன் சாரம்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். 800 ரூபாய்ச் சரக்கில் லாபம் 64 ரூபாய். பையன் போய்வர அரை மணி. பத்து மணி நேர வேலைக்கு 500 ரூபாய் சம்பளம் என்றால் ஒரு நடைக்கு 25 ரூபாய். இலவசமாகக் கொடுத்தாலும் தாங்கும். சம்பளம் 1,000 ஆனால் நடைக்கு 50, லாபத்தில் மிஞ்சுவது 14. நம் கணக்கிலுள்ள சிங்கப்பூர்ச் சம்பளமாகிய 90 வெள்ளிக்கு ஒரு நடை நாலரை வெள்ளி, 270 ரூபாய். அங்கே இதை இலவசமாகச் செய்ய வழியே இல்லை. வாடிக்கையாளரே தள்ளுவண்டியைத் தள்ளுகிறார். நம் கடையில் இது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிய, ஒரு வாரத்துக்கு நடைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரம், ஆர்டர் தொகை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். எத்தனை ரூபாய்க்குக் குறைந்த ஆர்டருக்குத் தனிக் கட்டணம் வாங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.